சைன்-ஆன் போனஸ் 12,000 வெள்ளி: கைக்கு வருவது எவ்வளவு, திருப்பிக் கேட்பது எவ்வளவு?

வேலை நியமனக் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று மாதச் சம்பளம், மற்றொன்று சைன்-ஆன் போனஸ், அதாவது வேலையில் சேர்வதற்காக மட்டும் ஒரே ஒரு முறை கொடுக்கப்படும் தொகை. வீட்டில் எல்லாருடைய கண்ணும் இரண்டாவது எண்ணின் மேல்தான் விழும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: குறிப்பிட்ட காலத்திற்குள் வேலையை விட்டால் போனசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வரியைப் பலர் வேலையை விடும் நாளில்தான் முதல் முறையாக ஒழுங்காகப் படிக்கிறார்கள்.

மாதக் கணக்கில் பார்த்தால் இந்தப் போனஸ் உண்மையில் எவ்வளவு பெறும்? முன்கூட்டியே வேலையை விட்டால் கையில் என்ன மிஞ்சும்? ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் தெளிவாகும்.

கடிதத்தில் இருந்தது

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த ஓர் இளைஞர், திருமணமாகாதவர், ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 4,800 வெள்ளி. வேறொரு நிறுவனம் 5,000 வெள்ளி சம்பளமும் 12,000 வெள்ளி சைன்-ஆன் போனசும் தருவதாகச் சொல்கிறது. 24 மாதங்கள் வேலை செய்ய வேண்டும். அதற்குள் தானாக விலகினால் 12,000 வெள்ளியையும் முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுதான் நிபந்தனை.

ஜனவரியில் வேலையில் சேர்கிறார். மாத முடிவில் சம்பளச் சீட்டு வருகிறது. சம்பளமும் போனசும் சேர்ந்து 17,000 வெள்ளி. ஆனால் வங்கியில் விழுந்தது 13,850 வெள்ளி. வழக்கமான மாதச் சம்பளத்தில் அவர் கைக்கு வர வேண்டியது 4,340 வெள்ளி. அதைக் கழித்துவிட்டால் போனசாக வந்தது 9,510 வெள்ளி மட்டுமே.

"பன்னிரண்டாயிரம்னு சொன்னியே தம்பி, மிச்சம் எங்கே?" என்று அம்மா கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வார்? 2,490 வெள்ளி எங்கே போனது?

2,490 வெள்ளி போன இடம்

இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறது. முதலாவது இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. போனசும் சேமநிதிச் சந்தாவுக்கு உட்பட்டதுதான். தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. 12,000 வெள்ளியில் அது 1,320 வெள்ளி. இந்தப் பணம் காணாமல் போகவில்லை. அவர் பெயரில், அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குச் செலவு செய்ய முடியாது. 55 வயதுக்கு உட்பட்டவரின் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. 1,320 வெள்ளியில் அவர் உடனே எடுக்கக்கூடியது 132 வெள்ளி.

இரண்டாவது இடம் வருமான வரி. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் பிசிபி, போனஸ் கொடுத்த மாதத்தில் கூடுதலாகப் பிடிக்கப்படுகிறது. அப்படிப் பிடித்தது 1,170 வெள்ளி. இது வந்த விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போனசுக்கு என்று தனி வரி விகிதம் கிடையாது. நிறுவனத்தின் கணக்குப் பிரிவு முதலில் போனஸ் இல்லாமல் ஆண்டு முழுவதற்குமான வரியைக் கணக்கிடுகிறது. 5,000 வெள்ளி வீதம் 12 மாதங்களுக்கு 60,000 வெள்ளி. அதில் தனிநபர் கழிவு 9,000 வெள்ளி, சேமநிதிக்கான கழிவு 4,000 வெள்ளி. மீதம் 47,000 வெள்ளிக்கு வரி 1,320 வெள்ளி, அதாவது மாதம் 110 வெள்ளி. (சேமநிதியில் 1,320, இங்கேயும் 1,320 என்று வந்திருப்பது தற்செயல்தான்.) பிறகு போனசைச் சேர்த்து மறுபடியும் கணக்கிடுகிறது. வரிக்கு உட்பட்ட வருமானம் 59,000 வெள்ளி ஆகிறது. அதற்கு வரி 2,490 வெள்ளி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 1,170 வெள்ளியைப் போனஸ் கொடுத்த அதே மாதத்தில் ஒரே மூச்சில் பிடித்துவிடுகிறது. 12 மாதங்களுக்குப் பிரித்துப் பிடிப்பதில்லை.

ஏன் 1,170? அவருடைய சம்பளம் மட்டும் இருந்தபோது வரிக்கு உட்பட்ட வருமானம் 47,000 வெள்ளியில் நின்றது. 50,000 வெள்ளி வரை 6 விழுக்காடு, அதற்கு மேல் 70,000 வெள்ளி வரை 11 விழுக்காடு. போனசின் முதல் 3,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு, அதாவது 180 வெள்ளி. மீதி 9,000 வெள்ளிக்கு 11 விழுக்காடு, அதாவது 990 வெள்ளி. போனசுக்கான சேமநிதிச் சந்தா வரியைக் குறைக்கவில்லை. காரணம், 4,000 வெள்ளிக் கழிவுக்கு உச்சவரம்பு உண்டு. அவர் சம்பளத்தின் சந்தாவே அதைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்குகளில் சொக்சோ சேர்க்கப்படவில்லை. அது மாதத்திற்குச் சில பத்து வெள்ளிகள்தான். ஒப்பீட்டை அது மாற்றப் போவதில்லை.

மாதக் கணக்கில் இது எவ்வளவு?

கைக்கு வந்த 9,510 வெள்ளியை 24 மாதங்களால் வகுத்தால் மாதத்திற்கு 396 வெள்ளி 25 காசு. ஆக, இந்த வேலை இரண்டு ஆண்டுகளுக்கு அவருக்குக் கைச்சம்பளமாக மாதம் 4,340 வெள்ளியும் போனசின் பங்காக ஏறக்குறைய 396 வெள்ளியும் தருகிறது. மொத்தம் 4,736 வெள்ளி. பழைய வேலையில் 4,800 வெள்ளிச் சம்பளத்தில் சேமநிதி 528, வரி 98 போக அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது 4,174 வெள்ளி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனசை எடுத்துவிட்டால் அவருக்குக் கிடைத்த உண்மையான மாத உயர்வு 166 வெள்ளிதான். ஷா ஆலாமில் வீட்டு வாடகை கொஞ்சம் கூடினாலோ புதிய வேலையிடம் தூரமாக இருந்து டோல் கட்டணம் சேர்ந்தாலோ அந்த 166 வெள்ளி அங்கேயே கரைந்துவிடும். போனஸ் என்ற பெரிய எண், சம்பள உயர்வு சிறியது என்பதை மறைத்துவிடுகிறது.

இப்போது அதே நிறுவனம் போனஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக 5,500 வெள்ளி சம்பளம் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஆண்டுகளில் நிறுவனம் கூடுதலாகக் கொடுப்பது அதே 12,000 வெள்ளிதான். சேமநிதி 605, வரி 152 வெள்ளி 50 காசு போக, கைக்கு 4,742 வெள்ளி 50 காசு வரும். 5,000 வெள்ளிச் சம்பளத்தைவிட மாதம் 402 வெள்ளி 50 காசு அதிகம். 24 மாதங்களில் 9,660 வெள்ளி.

போனசாக வாங்கினால் 9,510. சம்பளமாக வாங்கினால் 9,660. வேறுபாடு 150 வெள்ளி மட்டுமே. போனஸ் முழுவதும் ஒரே ஆண்டில் விழுந்ததால் அதன் பெரும்பகுதி 11 விழுக்காட்டுப் படிக்குள் போனது. அதனால் ஏற்பட்ட கூடுதல் வரி அந்த 150 வெள்ளிதான். போனசை இரண்டாகப் பிரித்து இந்த ஜனவரியில் 6,000, அடுத்த ஜனவரியில் 6,000 என்று வாங்கினாலும் அதே 150 வெள்ளி மிச்சமாகும்.

"போனசை எல்லாம் வரிக்காரனே கொண்டுபோயிட்டான்" என்று காப்பிக் கடையில் பேசுவார்கள். இந்தச் சம்பள அளவில் அது சரியல்ல. சம்பளமாக வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய அதே வரியைக் கட்டத்தான் வேண்டும். ஒரே மாதத்தில் மொத்தமாகப் பிடித்ததால்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உண்மையான வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, 25ஆவது மாதம். சம்பள உயர்வு வாங்கியவருக்கு அந்த 402 வெள்ளி தொடர்ந்து வரும். ஆண்டு உயர்வும் கூடுதல் நேரச் சம்பளமும் பெரிய அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும். போனஸ் வாங்கியவருக்கு அந்த மாதத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டில் மட்டும் அவர் 4,830 வெள்ளி பின்தங்கியிருப்பார். மற்றொன்று, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை. சம்பள உயர்வை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

15ஆவது மாதத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால்

போனசாக வந்த 9,510 வெள்ளியில் அந்த இளைஞர் ஒரு மைவி காருக்கு முன்பணம் கட்டினார், ஊரில் வீட்டுக் கூரையை மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய் வர ஆள் வேண்டும். ஈப்போவில் ஒரு வேலை கிடைக்கிறது. 15 மாதங்கள் முடிந்த நிலையில், இரண்டாம் ஆண்டின் மார்ச் கடைசியில் விலகுகிறார்.

நிறுவனம் கடிதத்தைக் காட்டுகிறது. 12,000 வெள்ளி.

அவர் கையால் தொட்டது 9,510 வெள்ளி. கொடுக்க வேண்டியது 12,000 வெள்ளி. குறையும் 2,490 வெள்ளியை அவர் தன் சொந்தப் பணத்திலிருந்துதான் போட வேண்டும். வாங்காத பணத்தைத் திருப்பிக் கொடுப்பது போன்ற நிலை இது. ஏன் இப்படி? கடிதத்தில் போனஸ் 'கிராஸ்' தொகையாக, அதாவது பிடித்தங்களுக்கு முந்திய தொகையாக எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது உண்மையிலேயே 12,000 வெள்ளியைச் செலவு செய்திருக்கிறது. 1,320 வெள்ளியைச் சேமநிதிக்கும் 1,170 வெள்ளியை வருமான வரி வாரியத்திற்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்கிறது. அந்த இரண்டும் இப்போது நிறுவனத்தின் கையிலும் இல்லை, தொழிலாளியின் கையிலும் இல்லை.

மாதக் கணக்கில் இதன் விளைவு என்ன? 2,490 வெள்ளியை 15 மாதங்களால் வகுத்தால் சரியாக மாதம் 166 வெள்ளி. புதிய வேலையில் அவருக்குக் கிடைத்த மாத உயர்வும் அதே 166 வெள்ளிதான். 4,340இலிருந்து 166ஐக் கழித்தால் 4,174. பழைய வேலையில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோன அதே தொகை. 15 மாதங்கள் வேலை மாறி உழைத்ததன் முழு ஆதாயமும் ஒரே நாளில் துடைக்கப்பட்டுவிட்டது.

நியாயமாகச் சொல்வதென்றால் அதில் 1,320 வெள்ளி அவருடைய சேமநிதியில் இருக்கிறது, வட்டியும் சேரும். ஆகவே அது நட்டம் அல்ல, முடங்கிய பணம். உண்மையான நட்டம் 1,170 வெள்ளி வரி. தன் கையில் நிற்காத ஒரு வருமானத்துக்காக அவர் வரி கட்டியிருக்கிறார்.

கட்டிய வரி திரும்பி வருமா?

தானாகத் திரும்பி வராது. போனஸ் எந்த ஆண்டில் கைக்கு வந்ததோ அந்த ஆண்டின் வருமானமாகத்தான் வரிச் சட்டம் அதைப் பார்க்கிறது. ஆகவே போனஸ் வாங்கிய ஆண்டும் திருப்பிக் கொடுத்த ஆண்டும் ஒன்றா, வேறா என்பது பெரிய விஷயம்.

ஒரே ஆண்டுக்குள், எடுத்துக்காட்டாக ஜனவரியில் வாங்கி அக்டோபரில் திருப்பிக் கொடுத்தால், நிறுவனம் அந்த ஆண்டுக்கான இஏ பாரத்தை இன்னும் தயாரித்திருக்காது. அப்போதே சம்பளப் பிரிவிடம் எழுதிக் கேட்க வேண்டும்: திருப்பிக் கொடுத்த தொகையைக் கழித்துத்தான் இஏ பாரத்தில் வருமானம் காட்டப்படுமா? அப்படிக் காட்டப்பட்டால், மறு ஆண்டு வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதிகமாகப் பிடித்த பிசிபி திரும்பக் கிடைக்கும். இஏ பாரம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

நம் எடுத்துக்காட்டில் இருப்பதுபோல் ஆண்டு மாறிவிட்டால் காரியம் கடினம். முதல் ஆண்டின் இஏ பாரத்தில் 12,000 வெள்ளியும் ஏறிவிட்டது. இரண்டாம் ஆண்டின் வரிப் பாரத்தில் 'திருப்பிக் கொடுத்த போனஸ்' என்று கழித்துக்கொள்ள ஒரு கட்டம் கிடையாது. தொழிலாளி தானே ஆவணங்களை எடுத்துக்கொண்டு வருமான வரி வாரியக் கிளைக்குப் போய், முந்திய ஆண்டின் கணக்கைத் திருத்தக் கோரி எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதம், போனஸ் வந்த மாதத்தின் சம்பளச் சீட்டு, திருப்பிச் செலுத்திய ரசீது, பணம் பெற்றதை உறுதிப்படுத்தும் நிறுவனக் கடிதம் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். முடிவு வாரியத்தின் கையில். அந்த 1,170 வெள்ளியை நம்பி எந்தச் செலவையும் திட்டமிடக் கூடாது.

ஆண்டு நடுவில் சேர்பவர்களுக்கு ஒரு பொறி

பலர் ஜனவரியில் வேலை மாறுவதில்லை. அந்த இளைஞரே ஜூலையில் மாறியிருந்தால்? அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் பழைய நிறுவனத்தில் 28,800 வெள்ளி சம்பாதித்திருப்பார். இந்த விவரத்தை டிபி3 என்ற பாரத்தில் எழுதிப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால் புதிய நிறுவனத்தின் கணினிக்கு அவர் அந்த ஆண்டில் ஆறு மாதம் மட்டுமே சம்பாதித்தவராகத் தெரிவார். 30,000 வெள்ளிச் சம்பளம், 12,000 வெள்ளிப் போனஸ், அவ்வளவுதான் என்று கணக்கிட்டு, ஆறு மாதத்திற்கும் சேர்த்து ஏறக்குறைய 20 வெள்ளிதான் வரி பிடிக்கும். போனஸ் 10,600 வெள்ளிக்கு மேல் கைக்கு வரும். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

மறு ஆண்டு ஏப்ரலில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது இரண்டு நிறுவனங்களின் இஏ பாரங்களும் ஒன்றுசேரும். ஆண்டு வருமானம் 70,800 வெள்ளி. வரி 2,358 வெள்ளி. பழைய நிறுவனம் பிடித்தது 588 வெள்ளி, புதியது 20 வெள்ளி. மீதி 1,750 வெள்ளியை ஒரே தடவையில் கட்டச் சொல்லும். காலக்கெடுவுக்குள் கட்டாவிட்டால் அதன் மேல் 10 விழுக்காடு அபராதம். அந்த நேரத்தில் போனஸ் பணம் காராகவும் கூரையாகவும் மாறியிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. போனஸ் வந்த மாதத்தின் சம்பளச் சீட்டில் பிசிபி கட்டத்தைப் பாருங்கள். 5,000 வெள்ளிச் சம்பளக்காரருக்கு 12,000 வெள்ளிப் போனசின் மேல் சில பத்து வெள்ளிதான் பிடித்திருக்கிறது என்றால் அது அதிர்ஷ்டம் அல்ல, டிபி3 போய்ச் சேரவில்லை என்று பொருள்.

கடைசிச் சம்பளத்தில் கை வைக்கலாமா?

விலகும் மாதத்தில் நிறுவனம் பெரும்பாலும் கடைசிச் சம்பளத்திலிருந்தே எடுக்கப் பார்க்கும். தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்திலிருந்து எதையெல்லாம் கழிக்கலாம் என்று வரையறுக்கிறது. சாதாரண மாதங்களில் எல்லாக் கழிவுகளும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் வேலை முடியும்போது கொடுக்கப்படும் இறுதிச் சம்பளத்தில், தொழிலாளி நிறுவனத்துக்குப் பாக்கி வைத்திருக்கும் தொகையைக் கழிக்கும்போது இந்த 50 விழுக்காடு வரம்பு பொருந்தாது. ஆகவே கடைசி மாதம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக நேரலாம் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அதற்காக நிறுவனம் சொல்லும் எந்தத் தொகையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் விவரம் கேட்கலாம். கழிவு சட்டத்துக்குப் புறம்பானது என்று தோன்றினால் ஆள்பல இலாகாவில் புகார் செய்யலாம். விலகல் நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடிக்காமல் போனால் அதற்கான ஈட்டுத்தொகை தனி. அதையும் போனசையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது.

கையெழுத்துக்கு முன் மாற்றக்கூடிய இரண்டு சொற்கள்

அந்தக் கடிதத்தில் இரண்டே இரண்டு இடங்களில் சொல் மாறியிருந்தால் கணக்கே மாறியிருக்கும்.

முதலாவது, 'முழுமையாக' என்பதற்குப் பதில் 'எஞ்சிய மாதங்களுக்கு ஏற்ப'. 24 மாதத்தில் 15 மாதம் முடிந்துவிட்டது, எஞ்சியது 9 மாதம். மாதத்திற்கு 500 வெள்ளி வீதம் திருப்பிக் கொடுக்க வேண்டியது 4,500 வெள்ளி. அப்போது 9,510 வெள்ளியில் 5,010 வெள்ளி அவருக்கே மிஞ்சும். 15 மாதங்களுக்கு மாதம் 334 வெள்ளி. 'முழுமையாக' என்ற சொல் இருக்கும்போது 23 மாதம் வேலை செய்துவிட்டு விலகினாலும் 12,000 வெள்ளிதான். 'ஏற்ப' என்று இருந்தால் 500 வெள்ளியோடு கணக்கு முடிந்துவிடும்.

இரண்டாவது, 'கிராஸ்' தொகையா, 'நெட்' தொகையா. திருப்பிக் கொடுப்பது பிடித்தங்கள் போகக் கைக்கு வந்த தொகை என்று எழுதினால், முழுத் தொகையும் கேட்கப்பட்டாலும் 9,510 வெள்ளிக்கு மேல் போகாது. இதற்கு எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. ஏனென்றால் 2,490 வெள்ளி அதன் தலையில் விழும். முதல் மாற்றத்திற்குச் சம்மதிக்கும் நிறுவனங்கள் கூடுதல். ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் முதலாவதைக் கேட்பதே லாபம்.

இவற்றோடு, எந்தக் காரணத்திற்காக வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். தானாக விலகினால் என்று மட்டும் இருக்கிறதா? அல்லது 'எக்காரணத்தைக் கொண்டும்' என்று இருக்கிறதா? பின்னது என்றால் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தாலும், சோதனைக் காலம் முடிந்து வேலையை உறுதிப்படுத்த மறுத்தாலும் கூடப் போனசைக் கேட்க இடம் இருக்கிறது. 24 மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, வேலை உறுதிப்படுத்தப்பட்ட நாளிலிருந்தா? ஆறு மாதச் சோதனைக் காலம் இருந்தால், பின்னதில் 24 மாதம் என்பது உண்மையில் 30 மாதம்.

அதுவரைக்கும் அந்தப் பணத்தை எப்படி வைத்திருப்பது? கடிதத்தில் 'முழுமையாக', 'கிராஸ்' என்ற இரண்டும் இருந்தால், 24 மாதம் முடியும்வரை அது இன்னும் முழுதாகச் சொந்தமாகாத பணம். 9,510 வெள்ளியை அசையாமல் ஒரு தனிக் கணக்கில் போட்டு, அதோடு மாதம் 166 வெள்ளியைச் சேர்த்து வந்தால் 15ஆவது மாதத்தில் அங்கே சரியாக 12,000 வெள்ளி இருக்கும். அப்பாவுக்காக ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தால், கடன் வாங்காமல் திரும்பலாம். அந்த நாள் வராமலே 24 மாதம் முடிந்துவிட்டால் கூரையை அப்போது மாற்றிக்கொள்ளலாம்.